ஆர்க் நிற்கவில்லை, எம்சிபி விழுகிறது: எர்த் கிளாம்பிலிருந்து மீட்டர் போர்டு வரை சோதிக்கும் முறை

பட்டறையிலும் சைட்டிலும் அடிக்கடி கேட்கும் புகார் இது. ஆர்க் பற்றிக்கொள்கிறது, இரண்டு அங்குலம் ஓடுகிறது, அறுந்து போகிறது, மறுபடி தட்டினால் ராடு ஒட்டிக்கொள்கிறது. சரி, கொஞ்சம் ஆம்பியர் ஏற்றுவோம் என்று நாபைத் திருப்பினால் எம்சிபி விழுந்துவிடுகிறது. உடனே "மெஷின் போச்சு, சர்வீஸுக்குக் கொடு" என்கிறார்கள். ஆனால் சர்வீஸ் கடையில் நல்ல கேபிளில் போட்டு ஓட்டினால் அதே மெஷின் அழகாக எரிகிறது. பெரும்பாலும் கோளாறு மெஷினுக்குள் இருப்பதில்லை. அதற்கு முன்னால் வரும் கரண்டிலோ, பின்னால் போகும் எர்த் கிளாம்பிலோதான் இருக்கும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது இன்று கிரில், கேட், தகர ஷெட் வேலை செய்பவர்கள் எல்லோரிடமும் இருக்கும் சின்ன சிங்கிள் ஃபேஸ் இன்வெர்டர் மெஷினை. 200 ஆம்பியர் என்று எழுதியிருக்கும், நாம் அதில் 10 கேஜ், அதாவது 3.15 எம்எம் சாதாரண 6013 ராடு போட்டு 100 முதல் 120 ஆம்பியரில் ஓட்டுவோம். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷினுக்கும் எர்த் கிளாம்ப் பற்றிச் சொல்வதெல்லாம் பொருந்தும், கரண்ட் பக்கம் கொஞ்சம் மாறும்.

ஆர்க் அறுவதும் எம்சிபி விழுவதும் ஒரே கதை

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இன்வெர்டர் மெஷின் நாம் வைத்த ஆம்பியரை எப்படியாவது கொடுக்கப் பார்க்கும். ஆர்க்குக்கு 110 ஆம்பியர் வைத்தால் அங்கே ஏறத்தாழ 24 வோல்ட் தேவை. அது சுமார் 2,700 வாட். மெஷினுக்குள் கொஞ்சம் வீணாகும். அதோடு இந்தச் சின்ன மெஷின்கள் லைனிலிருந்து கரண்டைச் சீராக இழுக்காமல் ஒவ்வொரு அலையின் உச்சியிலும் வெடுக்கென்று இழுக்கும், அதனால் பவர் ஃபேக்டர் 0.7 பக்கத்தில்தான் இருக்கும். ஆகவே 230 வோல்ட்டில் 20 ஆம்பியர் போல இழுக்கும்.

அந்த 230 வோல்ட் 185-ஆகக் குறைந்தால் என்ன நடக்கும்? ஒரு பல்பு என்றால் மங்கி, கரண்டும் குறைந்துவிடும். இன்வெர்டர் அப்படி இல்லை. அதே வேலையைச் செய்ய 25, 28 என்று அதிக ஆம்பியர் இழுக்கும். அதிகம் இழுத்தால் கேபிளில் இன்னும் வோல்டேஜ் விழும், விழுந்தால் இன்னும் இழுக்கும். ஒரு கட்டத்துக்குக் கீழே போனதும் மெஷினால் ஆர்க்கைப் பிடித்து நிறுத்த முடியாது. 230 வோல்ட்டில் மெஷினுக்குள் 325 வோல்ட் டிசி இருக்க வேண்டிய இடத்தில், 185-இல் 260 தான் இருக்கும். ராடு நுனி கொஞ்சம் விலகினாலும் ஆர்க் அறுந்துவிடும். அப்போது நீங்கள் ஆம்பியரை ஏற்றுவீர்கள். எம்சிபி விழும்.

எர்த் கிளாம்ப் சரியில்லாமல் இருந்தாலும் இதே சுழல்தான். கிளாம்பில் இரண்டு வோல்ட் வீணானால் அதையும் சேர்த்து மெஷின் கொடுக்க வேண்டும். ஆக, ஒரு முனையில் இருக்கும் கோளாறு மறுமுனையில் எம்சிபியாக விழுகிறது.

முதலில், எப்போது விழுகிறது என்று பாருங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன் இதைக் கவனித்துவிடுங்கள், தேடவேண்டிய இடம் பாதியாகக் குறையும்.

மெஷின் சுவிட்சைப் போட்ட அந்த நொடியிலேயே, ராடைத் தொடாமலேயே எம்சிபி விழுந்தால் அது கேபிள், கிளாம்ப் விஷயம் இல்லை. மெஷினுக்குள் ரெக்டிஃபையர் பிரிட்ஜோ ஐஜிபிடியோ ஷார்ட் ஆகியிருக்கலாம். அல்லது சுவிட்ச் போடும் நேரத்தில் கெபாசிட்டர் இழுக்கும் திடீர்க் கரண்டை மட்டுப்படுத்தும் பாகம் கெட்டிருக்கலாம். மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள்.

ராடைத் தட்டும்போதோ ராடு ஒட்டும்போதோ படக்கென்று விழுந்தால், பி வகை எம்சிபியா என்று பாருங்கள். பி வகை தன் அளவைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கிலேயே உடனே விழும், சி வகை ஐந்து முதல் பத்து மடங்குக்குத்தான் அப்படி விழும். வெல்டிங்குக்கு சி தான் சரி.

நன்றாக ஓடிக்கொண்டிருந்து ஒன்றிரண்டு ராடு முடியும் நேரத்தில் விழுந்தால், அது ஓவர்லோட். எம்சிபிக்குள் இருக்கும் உலோகப் பட்டை சூடேறி வளைந்து விழுகிறது. நம் புகார்களில் பெரும்பகுதி இந்த வகைதான், இந்தக் கட்டுரையும் அதைப் பற்றித்தான். எம்சிபியைத் தொட்டால் சூடாக இருக்கும், உடனே ஏற்றினால் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் விழும்.

விழுவது எம்சிபியா, டெஸ்ட் பட்டன் உள்ள ஆர்சிசிபியா என்றும் பாருங்கள். ஆர்சிசிபி என்றால் அது கசிவு. அதற்குக் கடைசியில் வருகிறேன். எதுவுமே விழாமல் மெஷினில் மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்து நின்றால், பெரும்பாலும் மெஷின் சூடேறிவிட்டது என்று அர்த்தம். ஃபேன் ஓடுகிறதா, காற்றுத் துளைகளில் கிரைண்டர் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

எர்த் கிளாம்ப்: இங்கிருந்து தொடங்குங்கள்

செலவில்லாத சோதனை இது, அதனால் முதலில் இது. மெஷினை ஆஃப் செய்துவிட்டு கிளாம்பைக் கையில் எடுத்து நிதானமாகப் பாருங்கள்.

கிளாம்ப் எதைக் கடிக்கிறது? ரெட் ஆக்ஸைடு அடித்த ஆங்கிளின் மேலா, துரு ஏறிய பைப்பின் மேலா, முந்தைய வேலையின் ஸ்பேட்டர் ஒட்டிய இடத்திலா? கிளாம்பின் பல் பெயின்ட்டில் இரண்டு புள்ளியில் மட்டும் குத்தி நிற்கும், 110 ஆம்பியரும் அந்த இரண்டு புள்ளி வழியாகத்தான் போகும். கிரைண்டரால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, அங்கே கிளாம்பைப் போடுங்கள்.

அடுத்து கிளாம்பின் தாடை. விலை குறைந்த கிளாம்புகளில் கேபிள் ஒரு பக்கத் தாடையில்தான் முடுக்கப்பட்டிருக்கும். மறுபக்கத் தாடைக்குக் கரண்ட் போக வேண்டுமென்றால் நடுவில் இருக்கும் பின், ஸ்பிரிங் வழியாகத்தான் போக வேண்டும். நல்ல கிளாம்பில் இரண்டு தாடையையும் இணைத்து ஒரு செம்புப் பின்னல் பட்டை இருக்கும், அது அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். பட்டையே இல்லாத கிளாம்ப் என்றால், கேபிள் முடுக்கிய தாடை சுத்தம் செய்த பக்கத்தில் படும்படி போடுங்கள். ஸ்பிரிங் நீலம் பாய்ந்திருந்தால் கரண்ட் அதன் வழியாக ஓடிச் சூடேறி, இழுவை போய்விட்டது. புது கிளாம்ப் வாங்குங்கள்.

பிறகு லக். கேபிள் லக்குக்குள் போகும் இடத்தைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். சுற்றினால் லூஸ். லக் இல்லாமல் செம்பு இழைகளை முறுக்கி நட்டுக்கு அடியில் வைத்திருப்பதையும் நிறையப் பார்க்கலாம், அது ஒரு வாரம் நன்றாக இருக்கும், பிறகு இழை நசுங்கி நட் தளர்ந்துவிடும். லக் போட்டு, கிரிம்ப் செய்து, ஸ்பிரிங் வாஷர் வைத்து முடுக்குங்கள். மெஷின் முகப்பில் திருகிப் பூட்டும் கனெக்டரையும் விட்டுவிடாதீர்கள். உள்ளே தள்ளி, வலப்பக்கம் இறுகும்வரை திருக வேண்டும். சும்மா செருகி வைத்தால் உள்ளே சின்ன ஆர்க் அடித்துப் பித்தளை கருத்துவிடும்.

ஜாபின் மேல் கிளாம்ப் போடாமல், தரையில் கிடக்கும் கம்பிகளை ஒன்றின்மேல் ஒன்று போட்டு எர்த் இழுக்கும் பழக்கம் சைட்டுகளில் இருக்கிறது. 12 எம்எம் கம்பி தன்னளவில் மோசமில்லை, ஏறத்தாழ 11 ஸ்கொயர் செம்புக் கேபிள் அளவுக்குக் கரண்ட் கடத்தும். கோளாறு இணைப்பில்தான். கம்பி மேல் கம்பி சும்மா கிடக்கும் ஒவ்வொரு இடமும் ஒரு லூஸ் கிளாம்ப். யாராவது ஒருவர் அதை மிதித்துப் போனால் ஆர்க் அறுகிறது, நீங்கள் மெஷினைத் திட்டுகிறீர்கள்.

இதில் ஆபத்தும் உண்டு. திரும்பிப் போகும் வழி சரியில்லை என்றால் வெல்டிங் கரண்ட் வேறு வழி தேடும். அதே ஜாபின் மேல் வைத்திருக்கும் டிரில்லின் எர்த் வயர், கட்டடத்தின் கம்பி, லிஃப்ட் ரோப், எது கிடைத்தாலும் அதன் வழியாகப் போகும். மெல்லிய எர்த் வயரில் 100 ஆம்பியர் போனால் அது உறைக்குள்ளேயே எரிந்துவிடும், வெளியே தெரியாது. பிறகு அந்த டிரில்லுக்கு எர்த்தே இருக்காது.

*அளந்து பார்க்கும் முறை.* மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ஒருவர் வெல்டிங் அடிக்கட்டும், இன்னொருவர் உலர்ந்த கையுறையோடு, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு முனையைக் கிளாம்பின் லக்கிலும் மறுமுனையை ஜாபின் சுத்தமான இரும்பிலும் வைத்துப் பிடிக்கட்டும். ஆர்க் எரிந்துகொண்டிருக்கும்போது மட்டும் படிக்க வேண்டும். 110 ஆம்பியரில் 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல கிளாம்ப். ஒரு வோல்ட் தாண்டினால் மாற்றுங்கள் அல்லது சுத்தம் செய்யுங்கள். எண் ஒரே இடத்தில் நிற்காமல் 0.5, 2, 1 என்று குதித்தால் அதுதான் ஆர்க் ஆடுவதற்குக் காரணம், ஏனென்றால் நிலையான இழப்பை மெஷின் ஈடுகட்டிவிடும், குதிக்கும் இழப்பைத்தான் அதனால் சமாளிக்க முடியாது. (ஹை ஃப்ரீக்வென்ஸி ஸ்டார்ட் உள்ள டிக் மெஷினில் இப்படி மீட்டர் வைக்காதீர்கள், மீட்டர் போய்விடும்.)

மீட்டர் இல்லையா? மூன்று ராடு ஓட்டிவிட்டு மெஷினை ஆஃப் செய்து, கிளாம்ப், லக், கனெக்டர், ஹோல்டரின் பின்பக்கம் ஆகியவற்றுக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். கேபிள் வெதுவெதுப்பாக இருக்கலாம். ஓர் இணைப்பு மட்டும் கேபிளைவிடச் சூடாக இருந்தால் அங்கேதான் பிரச்சினை. இரண்டு வோல்ட் இழப்பும் 110 ஆம்பியரும் என்றால் 220 வாட், அதாவது எட்டொன்பது சால்டரிங் அயர்ன் ஒரே லக்கில் எரிகிற மாதிரி.

கிளாம்ப் எல்லாம் சரி, ஆனால் மூலையில் அடிக்கும்போது மட்டும் ஆர்க் ஒரு பக்கமாக ஓடுகிறது என்றால் அது வேறு விஷயம். டிசி வெல்டிங்கில் காந்தப்புலம் ஆர்க்கைத் தள்ளும். கிளாம்பை ஜாபின் மறுமுனைக்கு மாற்றிப் பாருங்கள். ஈரம் பட்ட ராடும் ஆர்க்கைக் கெடுக்கும், புதுப் பாக்கெட்டிலிருந்து ஒன்றைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எக்ஸ்டென்ஷன் கேபிள்: ஓடும்போது அளந்தால்தான் உண்மை தெரியும்

பெரும்பாலானவர்கள் டெஸ்டரை வைத்து, அல்லது மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு "கரண்ட் சரியா 220 வருது" என்பார்கள். மெஷின் சும்மா இருக்கும்போது கேபிளில் ஆம்பியரே ஓடவில்லை, ஓடாத கேபிளில் வோல்டேஜ் விழாது. தலைமுடி அளவு மெல்லிய வயரிலும் 220 காட்டும். வெல்டிங் எரியும்போது மெஷின் பக்கத்து முனையில் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

அதை ஆபத்தில்லாமல் அளக்க ஒரு எளிய வழி: பிளக்கில் செருகும் சின்ன டிஜிட்டல் வோல்ட் மீட்டர் எலெக்ட்ரிகல் கடைகளில் கிடைக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மெஷினுக்குப் பக்கத்து சாக்கெட்டில் அதைச் செருகிவிடுங்கள். இன்னொன்றைக் கரண்ட் எடுக்கும் சுவர் பாயின்ட்டுக்குப் பக்கத்தில் செருகுங்கள். யாரும் திறந்த வயரைத் தொட வேண்டியதில்லை, ஹெல்பர் பார்த்து எண்ணைச் சொன்னால் போதும்.

இரண்டு எண்ணுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் உங்கள் கேபிள் தின்பது. அது எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடவும் முடியும். செம்பு ஃப்ளெக்ஸிபிள் கேபிளில் ஒரு மீட்டருக்கு 1.5 ஸ்கொயர் என்றால் 0.0133 ஓம், 2.5 என்றால் 0.008, 4 என்றால் 0.005, 6 என்றால் 0.0033. ஃபேஸில் போய் நியூட்ரலில் திரும்ப வேண்டும், அதனால் நீளத்தை இரண்டால் பெருக்க வேண்டும்:

```
வோல்டேஜ் இழப்பு = 2 × நீளம் × ஓம் (ஒரு மீட்டருக்கு) × ஆம்பியர்
30 மீ, 1.5 ஸ்கொயர், 20 ஆம்பியர்: 2 × 30 × 0.0133 × 20 = 16 வோல்ட்
30 மீ, 4 ஸ்கொயர், 20 ஆம்பியர்:   2 × 30 × 0.005 × 20 = 6 வோல்ட்
```

இது குளிர்ந்த கேபிளுக்கு. வெயிலில் கிடந்து சூடேறினால் இன்னும் பத்து சதவீதம் போலக் கூடும்.

கேபிள் மேல் அச்சிட்டிருக்கும் அளவை அப்படியே நம்பாதீர்கள். முனையில் ஓர் இழையை எடுத்து பிளேடால் சுரண்டுங்கள். உள்ளேயும் செம்பு நிறமாகவே இருந்தால் செம்பு. சுரண்டிய இடம் வெள்ளியாக மின்னினால் மேலே செம்புப் பூச்சு, உள்ளே அலுமினியம், அதன் இழப்பு அதே அளவு செம்பைவிட ஒன்றரை மடங்கு. (ஈயம் பூசிய செம்பு இதற்கு நேர்மாறு, மேலே வெள்ளி, உள்ளே செம்பு, அது நல்லதுதான்.) மெஷினோடு சேர்த்து வரும் ஹோல்டர் கேபிளையும் இதே போல் சுரண்டிப் பாருங்கள்.

கேபிள் டிரம்மில் சுற்றியபடியே ஓட்டாதீர்கள். முழுவதும் விரித்துவிடுங்கள். சுற்றிக் கிடந்தால் உள்சுற்றின் சூடு வெளியேற வழியில்லை, உறை உருகி ஒட்டிக்கொள்ளும்.

பிளக், சாக்கெட் இரண்டும் தனிக்கதை. நம் வீட்டுப் பெரிய மூணு பின் பிளக் 16 ஆம்பியருக்கானது. அதில் 25 ஆம்பியர் இழுத்தால் முதலில் பின் சூடாகும், பிறகு சாக்கெட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங் தகடு இழுவை விடும், பிறகு இன்னும் சூடாகும். பின்னைச் சுற்றிப் பழுப்பு ஏறியிருந்தால், அல்லது பிளக் சாக்கெட்டில் ஆடினால் அதை மாற்றாமல் மேலே போவதில் பயனில்லை. 32 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் பிளக், சாக்கெட் போட்டுவிடுவது நல்லது.

ஒரு மொட்டைமாடி வேலை, எண்களோடு

இரண்டாம் மாடி மொட்டைமாடியில் தகர ஷெட். கரண்ட் கீழே சமையலறை பவர் பாயின்ட்டிலிருந்து, 16 ஆம்பியர் எம்சிபி வழியாக. எக்ஸ்டென்ஷன் 30 மீட்டர், 1.5 ஸ்கொயர். மெஷின் 110 ஆம்பியரில், 10 கேஜ் ராடு. புகார்: ஆர்க் அறுகிறது, இரண்டாவது ராடு முடிவதற்குள் எம்சிபி விழுகிறது.

சும்மா இருக்கும்போது சுவரிலும் 218, மெஷின் முனையிலும் 218. வெல்டிங் எரியும்போது சுவரில் 207, மெஷின் முனையில் 183. டாங் டெஸ்டரில் 28 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபியில் 28 போனால் அது விழுவதுதான் அதன் வேலை, அதைக் குறை சொல்ல முடியாது. (டாங் டெஸ்டர் ட்ரூ ஆர்எம்எஸ் வகையாக இருக்க வேண்டும். சாதாரண டெஸ்டர் இந்த மெஷினின் வெடுக் வெடுக் கரண்டைக் குறைத்துக் காட்டும், "இருபதுதான் இழுக்குது, ஏன் விழுது" என்று தலையைப் பிய்த்துக்கொள்ள நேரும்.)

எர்த் கிளாம்ப் பெயின்ட் அடித்த டிரஸ் காலில் கடித்திருந்தது. லக்குக்கும் ஜாபுக்கும் இடையே 1.2 முதல் 3 வரை குதித்தது, சராசரியாக 2 வோல்ட். காலின் பெயின்ட்டைத் தேய்த்துக் கிளாம்பைப் போட்டதும் 0.3-இல் நின்றது. இது ஒன்றே ஆர்க்கின் ஆட்டத்தைப் பெருமளவு குறைத்தது, எம்சிபி மட்டும் பழையபடி, சற்றுத் தாமதமாக விழுந்தது.

அடுத்து 1.5 ஸ்கொயரை எடுத்துவிட்டு 30 மீட்டர் 4 ஸ்கொயர் போட்டது. மெஷின் முனையில் 201 வோல்ட், இழுப்பது 24 ஆம்பியர். ஆர்க் இப்போது சாந்தமாக எரிந்தது, ராடை முனையிலிருந்து முனைவரை நிறுத்தாமல் ஓட்ட முடிந்தது. ஆனால் 24 ஆம்பியர் 16 ஆம்பியர் எம்சிபிக்கு இன்னமும் அதிகம்தான். இந்த இடத்தில்தான் பலரும் தப்பு செய்கிறார்கள், சமையலறை எம்சிபியைக் கழற்றிவிட்டு 32 போட்டுவிடுவார்கள். சுவருக்குள் போகும் வயர் 2.5 ஸ்கொயர், அதைக் காப்பதற்காகத்தான் அந்த எம்சிபி. அது விழாமல் போனால் வயர் சுவருக்குள்ளேயே எரியும்.

சரியான வழி, எலெக்ட்ரீஷியனை வைத்து மீட்டர் பக்கத்து மெயின் போர்டிலிருந்து வெல்டிங்குக்கென்று தனியாக ஒரு பாயின்ட் எடுப்பது. 25 ஆம்பியர் சி வகை எம்சிபி, ஆர்சிசிபி, எர்த், 4 ஸ்கொயர் கேபிள். (32 ஆம்பியர் எம்சிபி வேண்டுமென்றால் கேபிள் 6 ஸ்கொயர்.) அப்படி எடுத்த பிறகு எரியும்போது போர்டில் 212, மெஷினில் 204, ஆம்பியர் 23.6. எம்சிபி விழவில்லை. 28-க்கும் 23.6-க்கும் இடையிலான அந்த நாலரை ஆம்பியர் முழுக்கக் கிளாம்பும் கேபிளும் தின்றது.

மேலே இருந்து வரும் சப்ளை

கேபிள் சரி, பாயின்ட் சரி, ஆனாலும் போர்டிலேயே எரியும்போது வோல்டேஜ் படுத்துவிடுகிறது என்றால் கோளாறு மீட்டருக்கு முன்னாலோ மெயின் சுவிட்சிலோ இருக்கிறது. சும்மா இருக்கும்போது 225, எரியும்போது 195 என்று போர்டிலேயே 30 வோல்ட் விழுந்தால் எங்கோ ஓர் இணைப்பு லூஸ், அல்லது போஸ்ட்டிலிருந்து வரும் சர்வீஸ் வயர் மெல்லியது, நீளமானது. மெயின் சுவிட்சில் முனை கருத்திருக்கிறதா, பிளாஸ்டிக் உருகிய வாடை வருகிறதா என்று எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டருக்கு அந்தப் பக்கம் மின்வாரிய ஆள்தான் கை வைக்க வேண்டும். சும்மா இருக்கும்போதே 190-தான் வருகிறது, மாலை ஆறு மணிக்கு மேல் இன்னும் படுக்கிறது என்றால் அது ஏரியா டிரான்ஸ்ஃபார்மரின் லோடு. பெரும்பாலான மெஷின் தகடுகளில் 230 வோல்ட்டுக்குப் பதினைந்து சதவீதம் கூடவோ குறையவோ தாங்கும் என்று எழுதியிருக்கும், அதாவது கீழே 195 வரை. அதற்குக் கீழே என்றால் 12 கேஜ் ராடு, 70 ஆம்பியர் என்று இறங்கிக்கொள்ளுங்கள், அல்லது காலையில் அடியுங்கள்.

ஒரு அறிகுறியை மட்டும் எப்போதும் கண்ணில் வையுங்கள். த்ரீ ஃபேஸ் சர்வீஸ் உள்ள இடத்தில் நீங்கள் வெல்டிங் அடிக்கும்போது வீட்டில் சில பல்புகள் மங்கி, வேறு சில பல்புகள் வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தால், ஃபேன் வேகம் எடுத்தால், உடனே நிறுத்துங்கள். நியூட்ரல் லூஸ். மற்ற ஃபேஸ்களில் வோல்டேஜ் 300-க்கு மேலேயும் போகலாம், டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் போய்விடும். மெஷின் அந்த உயர்ந்த ஃபேஸில் மாட்டியிருந்தால் அதன் 400 வோல்ட் கெபாசிட்டரும் வெடிக்கும். நியூட்ரல் சரியாகும்வரை மெயினை ஆஃப் செய்து வையுங்கள்.

ஆர்சிசிபி விழுந்தால்

வெல்டிங் அவுட்புட் மெஷினுக்குள் டிரான்ஸ்ஃபார்மரால் லைனிலிருந்து பிரிக்கப்பட்டிருக்கிறது. அதனால் எர்த் கிளாம்ப் லூஸாக இருப்பது நேரடியாக ஆர்சிசிபியை விழ வைக்காது. விழுந்தால் லைன் பக்கம் கரண்ட் எர்த்துக்குக் கசிகிறது. ஹோல்டர், எர்த் கேபிள் இரண்டையும் கழற்றிவிட்டு மெஷினை மட்டும் போடுங்கள். அப்போதும் விழுந்தால் மெஷினைப் பிடுங்கிவிட்டு வெறும் எக்ஸ்டென்ஷனைப் போடுங்கள். வெறும் கேபிளிலேயே விழுந்தால் கேபிளில் எங்கோ உறை கிழிந்த இடம் ஈரத்தில் கிடக்கிறது, டேப் சுற்றிய ஜாயின்ட்டுகளை முதலில் பாருங்கள். மெஷினைச் செருகினால்தான் விழுகிறது என்றால் உள்ளே கிரைண்டர் இரும்புத் தூசியும் ஈரமும் சேர்ந்து கசிவு வழி உண்டாக்கியிருக்கலாம். அவுட்புட் கேபிள்களை மாட்டி, கிளாம்பை ஜாபில் போட்டால்தான் விழுகிறது என்றால் உள்ளே இன்சுலேஷன் உடைந்து லைன் கரண்ட் ஜாபுக்கு வருகிறது. அந்த மெஷினை அதற்குமேல் தொடாதீர்கள், சர்வீஸுக்குத்தான். எர்த் பின்னை வெட்டிவிட்டால் ஆர்சிசிபி விழாது என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். விழாதுதான், ஆனால் மெஷின் பாடியில் கரண்ட் காத்திருக்கும், அதைத் தொடும் ஆள் வழியாக இறங்கும்.

மெஷினை எப்போது சந்தேகிக்கலாம்

கிளாம்பில் 0.3 வோல்ட், எரியும்போது மெஷின் முனையில் 205-க்கு மேல், புது ராடு, இணைப்பு எதிலும் சூடு இல்லை, ஆனாலும் ஆர்க் அறுகிறது என்றால்தான் மெஷின் மேல் கை வைக்க வேண்டும். ராடைத் தொடாமல் இரண்டு கனெக்டருக்கும் இடையே டிசி வோல்டேஜ் எடுங்கள். தகட்டில் எழுதியிருப்பதற்கு, வழக்கமாக 60 முதல் 80-க்குள், பக்கத்தில் இருக்க வேண்டும். (விஆர்டி வசதி உள்ள மெஷின் என்றால் வேண்டுமென்றே இருபதுக்குக் கீழே காட்டும், அதை ஆஃப் செய்துவிட்டு எடுங்கள்.) தகட்டு அளவைவிட ரொம்பக் குறைந்தால், அல்லது நாபைத் திருப்பும்போது ஆர்க் திடீரென்று குதித்தால், போர்டு கோளாறோ நாப் தேய்மானமோ. சர்வீஸுக்குக் கொடுக்கும்போது நீங்கள் எடுத்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், அவருக்குப் பாதி நேரம் மிச்சம். நீங்களே கவரைத் திறக்க நினைத்தால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட் டிசி கொஞ்ச நேரம் நிற்கும். அது தானாக இறங்கிவிட்டதா என்று மீட்டரில் பார்க்கத் தெரியாதவர்கள் திறக்கக் கூடாது. தூசி மட்டும் என்றால் கவரைத் திறக்காமல், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த காற்றைத் துளை வழியாக அடித்தாலே போதும்.